மின்னடுப்பில் பொங்கும் பால்: விடுதிச் சமையலறையில் தைப்பொங்கல்

கோலாலம்பூரில் ஜனவரி நடுவில் காலை ஏழேகால் தாண்டித்தான் சூரியன் எழும். ஆறரைக்கே பளிச்சென்று விடிந்துவிடும் சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு முதல் வருடம் இது பழகாது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதிலிருந்து இங்கே விடியல் பிந்தியே வருகிறது. விடுதியில் பொங்கல் வைக்கிற மாணவர்களுக்கு இது நல்ல வசதி. பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது, ஒன்பது மணி வகுப்பு அன்றும் உண்டு. ஆனால் ஐந்தரைக்கு எழுந்தால், சூரியன் வரும் நேரத்தில் பாலைப் பொங்கவிட்டு, எட்டேகாலுக்குப் பந்தியில் உட்கார்ந்து, வகுப்புக்கும் போய்விடலாம். நாம் பால் பொங்கவிடும் ஏழு இருபதுக்கு ஊரில் மணி நாலு ஐம்பது. அம்மா கோலம் போட எழுந்திருப்பார். கைபேசியைச் சன்னலோரம் சாய்த்து வைத்து அழைத்தால் இரண்டு வீட்டுப் பொங்கலும் ஒன்றாக நடக்கும்.

இந்த அத்தியாயம் பன்னிரண்டு பேருக்கான சமையலைச் சொல்கிறது: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பல காய் போட்ட ஒரு குழம்பு. கையில் இருப்பவை இரண்டு மின்காந்த அடுப்புகள், 1.8 லிட்டர் ரைஸ் குக்கர் ஒன்று, ஐந்து லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, முக்கால் லிட்டர் பிடிக்கிற கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம் ஒன்று, வாணலி ஒன்று, கெட்டில் ஒன்று. பெரும்பாலான விடுதித் தளங்களில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அளவுகள் எல்லாவற்றையும் ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் குவளையிலேயே சொல்கிறேன். அது 180 மில்லி லிட்டர். நம் ஊர் டம்ளரோ, 240 மில்லி கப்போ அல்ல. கலந்து அளந்தால் தண்ணீர்க் கணக்கு தப்பிவிடும்.

அரிசி

மலேசியாவில் பொங்கலுக்கு எது கிடைக்காது என்று கேட்டால் புதிதாக வந்தவர்கள் முதலில் சொல்வது பச்சரிசி. உண்மையில் இங்கே மிகச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி மஸ்ஜித் இந்தியா சாலைக்குள் நடந்த என் முதல் ஜனவரியில், மளிகைக் கடையில் ‘பொன்னி’ என்று தமிழில் அச்சிட்ட மூட்டையைப் பார்த்ததும் ஊரையே பார்த்தது போல இருந்தது. வாங்கி வந்து சமைத்தோம். ஒரு மணி நேரம் கொதித்தும் பருக்கைகள் தனித்தனியாக, முழுசாக, மினுமினுவென்று நின்றன. மசியவே இல்லை. அடுத்த வருடம் அதே தெருவில் வேறொரு கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்.

“பொங்கலுக்கா கேக்குற? அப்ப அது வேணாம் தம்பி, அது புழுங்கல். சூப்பர்மார்க்கெட்ல பெராஸ் புத்தேன்னு வெச்சிருப்பாங்க, அதை வாங்கிக்க.”

“அது பச்சரிசியாண்ணே?”

“பின்ன? இங்க மலாய்க்காரங்க, சீனவங்க வீட்ல தினம் ஆக்குறது எல்லாம் பச்சரிசிதான்.”

இங்கே பொன்னி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி புழுங்கலரிசி. சர்க்கரை நோய்க்காரர்கள் விரும்பி வாங்குவதால் எங்கும் கிடைக்கிறது. புழுங்கல் என்பது நெல்லிலேயே ஒருமுறை வெந்து, காய்ந்து, இறுகிய அரிசி. அதனால் மறுபடி வேகும்போது உருக்குலையாது. சோற்றுக்கு அது நல்ல குணம், பொங்கலுக்கு உதவாது. ‘பெராஸ் புத்தே’ என்று மலாயில் எழுதியிருக்கும் சாதாரண வெள்ளை அரிசி நெல்லை அப்படியே குத்தித் தீட்டியது. ஊர்ப் பச்சரிசிக்கு அதுவே நேர் மாற்று. அதிலும் உடைந்த நொய்யை ‘பெராஸ் ஹஞ்சூர்’ என்று மலிவாக விற்பார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள், பொங்கல் குழைவதற்கு அதைப் போல எதுவும் இல்லை.

‘பெராஸ் வாங்கி’ எனப்படும் மல்லிகை அரிசியும் ஆகும். கொஞ்சம் ஒட்டும், அதன் மணம் நெய் மணத்தோடு சண்டை போடாது. பாஸ்மதி மட்டும் வேண்டாம். அது நீளமாக, உதிரியாக நிற்கப் பிறந்த அரிசி. அறையில் அது ஒன்றுதான் இருக்கிறது என்றால் அரை மணி ஊறவைத்து, கையால் நொறுக்கி, இரண்டு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி ‘பூலூட்’ என்கிற ஒட்டரிசியைச் சேர்த்து வேகவிடுங்கள். பூலூட்டை மட்டும் வைத்துப் பொங்கல் செய்தால் கரண்டியோடு இழுபடும் பசைதான் வரும்.

பருப்பு, நெய், சீரகம்: பெயர்களில் வரும் வழுக்கல்

மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை, கிள்ளானில் தெங்கு கிளானா சாலை, இந்த மூன்று இடங்களிலும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பிருந்து கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, மாவிலை எல்லாம் நடைபாதையிலேயே வந்துவிடும். சிக்கல் என்னவென்றால் பல மாணவர் விடுதிகள் சைபர்ஜெயாவிலும் சுபாங்கிலும் இருக்கின்றன. முந்தின நாள் இரவுதான் ஞாபகம் வருகிறது, பக்கத்தில் இருப்பது சூப்பர்மார்க்கெட் மட்டும். அங்கே பொட்டலத்தில் மலாய்ப் பெயர்தான் இருக்கும்.

‘காச்சாங் டால்’ என்று போட்டிருப்பதைப் பாசிப்பருப்பு என்று எடுத்துவிடாதீர்கள். ரொட்டிச் சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பில் போடுகிற உருண்டையான, பெரிய பருப்பு அது. பொங்கலில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பாசிப்பருப்பு சிறியது, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். அது இல்லாவிட்டால் முழுப் பச்சைப்பயறு எங்கேயும் உண்டு. ‘காச்சாங் ஹிஜாவ்’ என்று கேளுங்கள். இரவே ஊறப்போட்டு, காலையில் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தண்ணீரில் அலசினால் தோல் மிதந்து வரும். அப்படியே வடித்துவிடலாம். பாதித் தோல் தங்கினாலும் கெடுதல் இல்லை, நிறம்தான் கொஞ்சம் பச்சையாகும். ஊறின பயறை வறுக்க முடியாது என்பதால் வறுத்த மணம் குறையும். அதற்கு நெய்யில் ஒரு கைப்பிடி முந்திரியைச் சற்று ஆழமாகச் சிவக்க வறுத்துச் சேர்த்தால் ஈடாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘ஜிந்தான் புத்தே’ சீரகம். ‘ஜிந்தான் மானிஸ்’ சோம்பு. இரண்டும் ஒரே தட்டில், ஒரே மாதிரிப் பொட்டலத்தில் இருக்கும். வெண்பொங்கலில் சோம்பு விழுந்தால் அது பிரியாணி மணமாகிவிடும், திருத்த வழியில்லை. ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். இனித்தால் சோம்பு. மிளகு ‘லாடா ஹித்தாம்’, ஏலக்காய் ‘பூவா பெலாகா’, கறிவேப்பிலை ‘டாவுன் காரி’. மிளகுக்கு மாற்றுத் தேடவே வேண்டாம். சரவாக் மிளகு இந்த நாட்டிலேயே விளைவது, காரமும் வாசனையும் குறைவில்லை.

நெய் ‘மின்யாக் சாப்பி’. ஆனால் சில டின்களில் இருப்பது பாமாயிலில் செய்த தாவர நெய். அதில் தாளித்த பொங்கல் ஆறியதும் அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். பொருள் பட்டியலில் பால் கொழுப்பு என்று இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். கிடைக்காவிட்டால் உப்பில்லாத வெண்ணெய் கால் கிலோவை மிதமான சூட்டில் உருக்குங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும், அது வெண்ணெயிலுள்ள தண்ணீர். சத்தம் அடங்கி, அடியில் பொன்னிறத் துகள் படியும்போது இறக்கி வடிகட்டினால் சுமார் இருநூறு கிராம் நெய். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பொங்கலுக்கும் அது போதும்.

வெல்லத்துக்குப் பதில் குலா மெலாக்கா

இந்திய வெல்லம் மஸ்ஜித் இந்தியாவில் கிடைக்கும். ஆனால் இந்த மாற்று ஒன்றைத்தான் நான் விரும்பியே செய்கிறேன், கிடைக்காமல் அல்ல. குலா மெலாக்கா தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி உறையவைத்த சர்க்கரை. குட்டைக் குட்டை உருளைகளாக விற்பார்கள். கருப்பட்டி சாப்பிட்டு வளர்ந்த தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் புகைவாசனை முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும், அது பனை, இது தென்னை, அவ்வளவுதான். கரும்பு வெல்லத்தைவிட இனிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும், ஓரத்தில் லேசாக உப்புக் கரிக்கும். அதனால் ஏலக்காயைப் பாதியாகக் குறைத்து, ஒரு ‘பாண்டான்’ இலையை முடிச்சுப் போட்டுப் பாகில் கொதிக்கவிட்டு எடுத்துவிடுவேன். இந்த நாட்டில் இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே சமைக்கப்படுகின்றன, சேர்ந்தால்தான் அழகு.

பல உருளைகளில் வெள்ளைச் சீனி கலந்திருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்லது மெத்தென்று உதிரும், ஒரே உருளைக்குள்ளேயே நிறம் திட்டுத் திட்டாக மாறும். சீனி கலந்தது கல் போல இறுகி, உடைத்த முகம் பளபளக்கும். கலந்ததுதான் கிடைக்கிறது என்றால் அளவில் ஐம்பது கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். ‘குலா பெராங்’ என்ற பழுப்புச் சீனி கடைசிப் புகலிடம். அது இனிக்கும், ஆனால் பொங்கலுக்குக் கனம் கொடுக்காது.

எதை வாங்கினாலும் நேராகப் பாத்திரத்தில் போடக் கூடாது. 450 கிராமை ஒரு குவளைத் தண்ணீரில் உருக்கி, வடிகட்டி, தனியே வைத்துக்கொள்ளுங்கள். நாரும் மணலும் வடிகட்டியில் தங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அடுத்தது நேரக் கணக்கு. அரிசி முழுதாக வெந்த பிறகுதான் இனிப்பு உள்ளே போக வேண்டும். சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துக்கொள்வதால் அதற்கப்புறம் அரிசி மேலே வேகவே வேகாது. அரைகுறையாக வெந்த பருக்கை அந்த நிலையிலேயே விறைத்து நிற்கும், இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் அடிதான் பிடிக்கும். ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று தட்டுப்பட்டாலும் பாகை ஊற்ற வேண்டாம்.

பாகில் லேசாகப் புளிப்பு இருந்தால் பால் திரிந்துவிடும் என்ற பயமும் உண்டு. பதநீர் கொஞ்சம் புளித்திருந்தால் குலா மெலாக்காவிலும் அது வரும். அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பாகை ஊற்றிக் கிளறி, பிறகு குறைந்த சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் திரியாது.

மஞ்சள் கொத்தும் கரும்பும்

மஞ்சள் கொத்து கிடைக்காத இடமே இங்கே இல்லை என்று சொல்லலாம். ரெண்டாங்கில் போடுவதற்காக மஞ்சள் இலையை மலாய்க்காரர்கள் அன்றாடம் வாங்குகிறார்கள். ஈரச் சந்தையில் ‘டாவுன் குஞ்ஞிட்’ என்றால் ஒரு கட்டுத் தருவார்கள், ‘குஞ்ஞிட் ஹிடுப்’ என்றால் பச்சை மஞ்சள் கிழங்கு. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் சௌக்கிட் சந்தை, இரண்டும் அங்கே உண்டு. இலையையும் கிழங்கையும் நூலில் சேர்த்துப் பாத்திரத்தின் கழுத்தில் கட்டினால் அதுதான் கொத்து. அடுப்பில் ஏறுகிற பாத்திரத்தில் கட்டும்போது இலை நுனி அடுப்பின் தொடுபலகையில் படாமல் மேலே மடித்துக் கட்டுங்கள்.

முழுக் கரும்பை ரயிலில் தூக்கி வருவது சிரமம். கடைக்காரரிடமே ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லலாம். விடுதிப் பக்கத்தில் ‘ஆயர் தெபு’ வண்டி இருந்தால் பிழியாத கரும்பு இரண்டு கேளுங்கள், கொடுப்பார்கள்.

புதுப்பானை வாங்குவதானால் பூசைக்கு மட்டும். மின்காந்த அடுப்பு காந்தம் ஒட்டுகிற அடியைத்தான் சூடாக்கும், மண்பானை அதன்மேல் நாள் முழுக்க இருந்தாலும் குளிர்ந்தே இருக்கும். எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாத வகை உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைக் கழற்றிப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பால் பொங்கி வழிய வேண்டும்

பொங்கலின் உயிர் இதில் இருக்கிறது, விடுதிச் சமையலறையின் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. பால் வழிந்து தொடுபலகையில் பட்டால் அடுப்பு கூவிக்கொண்டு அணைந்துவிடும். கையடக்க அடுப்பாக இருந்தால் அடியிலுள்ள காற்றுத் துளை வழியாகப் பால் உள்ளே போய் அடுப்பே கெட்டுப்போகலாம். அதற்குப் பயந்து பலர் பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகப் பாலை ஊற்றி, நுரை ஏறுவதைப் பார்த்ததும் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நாலு வருடம் மாற்றி மாற்றிச் செய்து இந்த முறைக்கு வந்து சேர்ந்தோம்.

ஐந்து லிட்டர் பாத்திரத்தை விடுங்கள். முக்கால் லிட்டர் சின்னப் பாத்திரத்தில் இரண்டு குவளைப் பாலும் ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றுங்கள். 540 மில்லி, முக்கால் பாத்திரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஒரு பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, சும்மாடு போலச் சுருட்டி, பாத்திரத்தின் அடியைச் சுற்றி வளையமாக வையுங்கள். துண்டு அடுப்பின் ஓரத்தைத் தாண்டித் தொங்கக் கூடாது, காற்றுத் துளையை மூடக் கூடாது. சூட்டை நடுவளவில் வையுங்கள். முழுச் சூட்டில் வைத்தால் நுரை ஒரே மூச்சில் எழுந்து அரைப் பால் வெளியே போய்விடும். நடுவளவில் முதலில் ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரும், பிறகு ஆடை சுருங்கும், பிறகு நடுவிலிருந்து மெல்ல உப்பி ஏறும். நுரை விளிம்பைத் தொடும் நேரத்தில் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக் கிழக்கே இம்மி சாய்க்க வேண்டும், இன்னொருவர் அணைப்புப் பொத்தானில் விரல் வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று கரண்டிப் பால் கிழக்குப் பக்கம் வழிந்து துண்டில் ஊறிவிடும். அப்போதே அணையுங்கள். குலவை போடத் தெரிந்தவர் இருந்தால் போடட்டும், அந்த நேரத்தில் தூங்குகிறவர்கள் குறைவு.

பாலைப் பொறுத்தவரை, குளிர்பெட்டியில் விற்கும் ‘சூசு செகார்’ நன்றாகப் பொங்கும். டப்பாவில் வரும் ‘சூசு சாயிர்’ வேண்டாம், கெட்டியாக இருப்பதால் பொங்குவதற்கு முன் அடிபிடிக்கும். தேங்காய்ப்பாலைப் பொங்கவிடவே கூடாது, கொதித்தால் பிரிந்து எண்ணெய் மிதக்கும். ஆனால் கடைசியில் சேர்க்கத் தேங்காய்ப்பாலை மிஞ்ச ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துச் சர்க்கரைப் பொங்கல் தேங்காய்ப்பால் இல்லாமல் முடியாது. ரயில்வே வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அது மாற்றுப் பொருள் அல்ல, மரபு. 200 மில்லிப் பெட்டியில் வரும் ‘சாந்தான்’ ஒன்று நம் அளவுக்குச் சரியாக இருக்கும்.

அன்றைய காலை

குழம்பை முந்தின இரவே வைத்துவிடுங்கள், மறுநாளைக்கு ருசி கூடும். பூசணி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் இங்கே உண்டு. அவரைக்குப் பதில் காராமணிக்காய், அதாவது ‘காச்சாங் பாஞ்சாங்’. மொச்சை கிடைக்கவில்லை என்றால் உறைந்த எடமாமே பயறு ஒரு பொட்டலம். சேப்பங்கிழங்கை, ‘கெலாடி’ என்பார்கள், ஈரக் கையால் தொட்டுத் தோல் சீவாதீர்கள், அரிக்கும். தோலோடு வேகவைத்து உரியுங்கள், பிறகு புளித்தண்ணீரில் கொதிக்கட்டும்.

இரவே தளத்தின் மற்ற மாணவர்களிடமும் சொல்லிவையுங்கள். பொங்கலில் இறைச்சி இல்லை, ஆனால் மலாய் நண்பர்களுக்குப் பாத்திரம் எதற்குப் பயன்பட்டது என்பதுதான் கேள்வி. சைவத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் பாத்திரம் என்று சொன்னால் கூச்சமில்லாமல் சாப்பிட வருவார்கள். பச்சைப்பயறும் குலா மெலாக்காவும் தேங்காய்ப்பாலும் போட்ட ‘பூபூர் காச்சாங் ஹிஜாவ்’ அவர்கள் வீட்டுப் பண்டம். நம் சர்க்கரைப் பொங்கல் அதன் ஒன்றுவிட்ட சகோதரி, அறிமுகம் சொல்லவே தேவைப்படாது.

ஐந்தே முக்காலுக்குச் சமையலறைக்குப் போய் முதலில் நடைவழிக் கதவைச் சாத்துங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். சமையலறைக்குள் இருப்பது பெரும்பாலும் சூட்டை உணரும் கருவி, நடைவழியில் இருப்பது புகையை உணர்வது. தாளிப்புப் புகை கதவு வழியே வெளியே போனால் கட்டடம் முழுதும் மணி அடிக்கும். சூடம், சாம்பிராணி, எண்ணெய் விளக்கு மூன்றும் விடுதிக்குள் வேண்டாம். அதேபோல மின் இணைப்பு. இங்கே ஒரு சுவர்ச் செருகி 13 ஆம்பியர், கிட்டத்தட்ட மூவாயிரம் வாட் வரை தாங்கும். 2000 வாட் அடுப்பையும் 2000 வாட் கெட்டிலையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் ஃபியூஸ் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர்ச் செருகி கொடுங்கள்.

ஆறு மணிக்கு அரைக் குவளைப் பாசிப்பருப்பைச் சர்க்கரைப் பொங்கலுக்கும் முக்கால் குவளையை வெண்பொங்கலுக்கும் சேர்த்தே வாசனை வரும்வரை வறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பொங்கலுக்கும் தலா இரண்டு குவளை அரிசியைக் கழுவி ஊறப்போடுங்கள். ஆறரைக்கு வெண்பொங்கல் ரைஸ் குக்கரில் ஏறட்டும்: அரிசி, பருப்பு, எட்டுக் குவளைத் தண்ணீர், ஒரு கரண்டி நெய். நெய் நுரையை அடக்கும். மொத்தம் பன்னிரண்டு குவளைத் தண்ணீர் தேவை, ஆனால் எல்லாவற்றையும் முதலிலேயே ஊற்றினால் மூடித் துளை வழியாகக் கஞ்சி பொங்கி மேசையெல்லாம் ஓடும். மிச்சம் நாலு குவளையைக் கெட்டிலில் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ரைஸ் குக்கருக்குச் சோறு தெரியும், பொங்கல் தெரியாது. அடித்தட்டில் தண்ணீர் வற்றி, சூடு நூறு டிகிரியைத் தாண்டியதும் அது தானாக நின்றுவிடும். குழைந்த அரிசி அடியில் படியும்போது மேலே தண்ணீர் நிற்கையிலேயே அடி சூடேறி, பாதியில் ‘டிக்’ என்று பொத்தான் எழும்பிவிடும். வெந்துவிட்டது என்று நம்பாதீர்கள். மூடியைத் திறந்து, மரக்கரண்டியால் அடிவரை சுரண்டிக் கிளறி, கொதிநீரில் இரண்டு குவளை ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அழுத்துங்கள். எங்கள் குக்கரில் இரண்டு முறை இப்படிச் செய்ய வேண்டியிருந்தது. கிளறும்போது கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் கட்டியாக விழாமல் தளர்வாக வழிய வேண்டும், ஏனென்றால் பத்து நிமிடத்தில் அது இன்னும் இறுகும். உப்பைக் கடைசியில் போடுங்கள்.

ஏழுக்கு ஐந்து லிட்டர் பாத்திரத்தில் ஒன்பது குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் பால் பாத்திரம். பால் பொங்கி வழிந்ததும் ஊறின அரிசியில் ஒரு கைப்பிடியை அந்தப் பாலிலேயே போட்டு, எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் கவிழ்த்து, மீதி அரிசியையும் பருப்பையும் சேர்த்து விடுங்கள். முப்பது முப்பத்தைந்து நிமிடத்தில் மசிந்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் ஒருவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது, பால் கலந்திருப்பதால் அடிபிடிக்கும். அடிபிடித்த வாசனை வந்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், கருகலின் கசப்பு அடியிலேயே நின்றுவிடும். பிறகு விரலால் நசுக்கிப் பார்த்து, அணைத்து, பாகு, பத்து நிமிடம் சிறு சூடு, சாந்தான், சிட்டிகை உப்பு.

தாளிப்பு கடைசியில், ஒரே வாணலியில். முதலில் நெய்யில் முந்திரி, திராட்சையை வறுத்துச் சர்க்கரைப் பொங்கலில் கொட்டுங்கள். அதே வாணலியில் இன்னும் நெய் விட்டு ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை. முழு மிளகைச் சூட்டில் போட்டால் வெடித்துத் தெறிக்கும், புகையும் கூடும். இஞ்சி நிறம் மாறும் முன்பே வெண்பொங்கலில் கொட்டிவிடுங்கள்.

மிச்சமானது இந்த ஊர் வெக்கையில் மதியத்துக்குமேல் வெளியே தாங்காது. வகுப்புக்குக் கிளம்பும் முன்பே மூடிபோட்ட டப்பாவில் பொதுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே பெயர், தேதி, இறைச்சி முட்டை இல்லை என்ற குறிப்பு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மறுநாள் சூடாக்கும்போது சர்க்கரைப் பொங்கலுக்கு நாலு கரண்டிப் பால், வெண்பொங்கலுக்கு அரைக் குவளை வெந்நீர். கலந்து, மைக்ரோவேவில் ஒரு நிமிடம், கிளறி, இன்னொரு நிமிடம்.